சென்னைக்குப் போனதும் காலை வெயில் ஏன் உதவவில்லை: நியூ ஜெர்சி–சென்னை பயணத்துக்கு ஒரு ஜெட் லாக் திட்டம்

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். ஜூலையில் மூன்று வாரம் சென்னை போகிறோம். போன தடவை முதல் வாரம் முழுக்க ராத்திரி 2 மணிக்கு முழிப்பு, மத்தியானம் அடக்க முடியாத தூக்கம். எல்லாரும் சொன்னபடி தினமும் காலையில் மொட்டை மாடியில் வெயிலில் நடந்தேன், பலனில்லை. திரும்பி வந்தால் மூன்றாம் நாளே வேலைக்குப் போகணும். தூக்கம், சாப்பாடு, வெயில் மூன்றையும் எப்படித் திட்டமிடுவது?

பதில்:

காலை வெயில் பலனில்லாமல் போனது தற்செயல் இல்லை. உங்கள் பயணத்தில் முதல் ஐந்து நாட்களுக்காவது அது எதிர்த்திசையில் வேலை செய்யும். ஏன் என்பது புரிந்துவிட்டால் மற்ற கணக்கெல்லாம் எளிது.

நம் உடல் வெப்பம் ஒரு நாளில் ஒருமுறை மிகக் கீழே இறங்கும். வழக்கமாக நாம் தானாக விழிக்கும் நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் முன்பு அது நடக்கிறது. இங்கே அதை அடிப்புள்ளி என்று வைத்துக்கொள்வோம். கண்ணில் படும் பிரகாசமான ஒளி உடல் கடிகாரத்தை எந்தப் பக்கம் நகர்த்தும் என்பதை இந்த அடிப்புள்ளிதான் தீர்மானிக்கிறது. அதற்கு முந்தைய ஆறு மணி நேரத்தில் படும் ஒளி கடிகாரத்தைப் பின்னால் தள்ளும்: மறுநாள் தூக்கம் தாமதமாக வரும், விழிப்பும் தாமதமாகும். அதற்குப் பிந்தைய ஆறு மணி நேரத்தில் படும் ஒளி கடிகாரத்தை முன்னால் இழுக்கும். அடிப்புள்ளிக்கு அருகில் போகப் போக இந்த விளைவு வலுக்கிறது. மீதிப் பன்னிரண்டு மணி நேரத்தில் ஒளிக்குப் பெரிய விளைவு இல்லை.

பயணம் எதுவும் இல்லாமல் வசிக்கும் ஊரிலேயே இருக்கும்போது அடிப்புள்ளி விடியற்காலையில் வந்துவிடுவதால், காலை வெயில் எப்போதும் அதற்குப் பின்னால்தான் படுகிறது. 'காலை வெயில் தூக்கத்தைச் சீராக்கும்' என்ற அறிவுரை பிறந்தது அங்கேதான். இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். நியூ ஜெர்சியில் இரவு 11 மணிக்குப் படுத்துக் காலை 7 மணிக்கு எழுபவர் என்றால் அடிப்புள்ளி சுமார் 4.30. கோடையில் சென்னை நேரம் ஒன்பதரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆக, சென்னையில் இறங்கும் நாளில் அடிப்புள்ளி மதியம் 2 மணி. காலை 8 முதல் 2 வரை படும் வெயில் முழுவதும் பின்னால் தள்ளும் ஒளி. 2 மணிக்கு மேல் படுவது முன்னால் இழுக்கும் ஒளி. நீங்கள் காலையில் மாடியில் நடந்து கடிகாரத்தை ஒரு பக்கம் தள்ளினீர்கள், மாலையில் வெளியே போய் மறுபக்கம் இழுத்தீர்கள். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டன.

இதில் ஒரு அளவு தெரிந்திருப்பது நல்லது. மனித உடல் கடிகாரத்தின் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று அதிகம். அதனால் அதைப் பின்னால் தள்ளுவது சுலபம், முன்னால் இழுப்பது கடினம். 1970களில் நடந்த அளவீடுகளின் சராசரிப்படி, மேற்கே பறந்தவர்களின் கடிகாரம் நாளுக்கு 92 நிமிடம் நகர்ந்தது, கிழக்கே பறந்தவர்களுக்கு 57 நிமிடம்தான். கிழக்கே ஒன்பதரை மணி நேரம் என்றால், எதுவும் செய்யாவிட்டால் பத்து நாள். மூன்று வார விடுமுறையில் பாதி. அதனால்தான் வேலையைப் புறப்படுவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

புறப்படும் முன் மூன்று நாள்

வழக்கமாக 11 மணிக்குப் படுப்பவர் முதல் இரவு 10க்கும், அடுத்த இரவு 9க்கும், மூன்றாம் இரவு 8க்கும் படுக்க வேண்டும். எழுவதும் அதேபோல 6, 5, 4 மணி. எழுந்த உடனே ஒளி வேண்டும். 6 மணிக்கு ஜூலை வெளிச்சம் வெளியிலேயே கிடைக்கும். 5 மணிக்கும் 4 மணிக்கும் இருட்டு என்பதால் 10,000 லக்ஸ் அளவுக்குப் பிரகாசமான ஒளிப்பெட்டி இருந்தால் அரை மணி அரை மணியாக விட்டுவிட்டு அதன் முன் உட்காரலாம். இல்லையென்றால் சமையலறை விளக்குகள் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு இருந்துவிட்டு, விடிந்ததும் வெளியே போய்விடுங்கள்.

இதில் பலரும் கோட்டைவிடுவது மாலையில்தான். ஜூலையில் அங்கே சூரியன் மறைய 8.30 ஆகிவிடும். 8 மணிக்குப் படுக்க வேண்டியவர் 7 மணிக்கு வெயிலில் நின்றால் காலையில் கிடைத்தது கரைந்துவிடும். மாலை 6க்கு மேல் வீட்டுக்குள் இருங்கள், திரைச்சீலையை மூடிவிடுங்கள், வெளியே போவதானால் அடர்நிறக் குளிர்கண்ணாடி போடுங்கள்.

படுக்கும் நேரம் மூன்று மணி முன்னே போனாலும் கடிகாரம் உண்மையில் இரண்டு மணி நேரம் நகர்ந்தால் அதுவே நல்ல பலன். அப்படியானால் அடிப்புள்ளி 2.30க்கு வந்திருக்கும், அதாவது சென்னை நேரப்படி மதியம் 12. இறங்கியதும் 2 மணி வரை வெளிச்சத்துக்கு ஒளிந்து வாழ்வது யாருக்கும் நடவாத காரியம். 12 மணி வரை என்றால் நடக்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் இந்த மூன்று நாள் பாடு.

இரவு நெருங்கும்போது உடல் தானாகவே சுரக்கும் ஹார்மோன் மெலடோனின். அதை மாத்திரையாக எடுப்பதாக இருந்தால் இந்த மூன்று நாளும் படுக்கும் நேரத்துக்கு ஐந்து மணி நேரம் முன்பு 0.5 மில்லிகிராம் போதும். இங்கே அது தூக்க மாத்திரை இல்லை, கடிகாரத்துக்குப் 'பொழுது சாய்கிறது' என்று சொல்லும் குறிப்பு. 5 மில்லிகிராம் எடுத்தால் மயக்கம் கூடுமே தவிர நகர்வு அதே விகிதத்தில் கூடாது. சிலருக்குச் சிறிய அளவிலேயே கண் சொக்கும் என்பதால் போட்டபின் வண்டி ஓட்டாதீர்கள். அமெரிக்காவில் இது சத்துப்பொருள் கணக்கில் விற்கப்படுவதால் புட்டியில் எழுதியிருக்கும் அளவும் உள்ளே இருக்கும் அளவும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. மிட்டாய் வடிவத்தில் வருவதை விட்டுவிட்டு, தரம் சரிபார்த்ததற்கான யு.எஸ்.பி. முத்திரை உள்ள மாத்திரையாகப் பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் வலிப்பு நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

விமானத்தில்

இரவு 10 மணிக்கு நியூயார்க்கில் ஏறி, வளைகுடா நகரம் ஒன்றில் மாறி, விடியற்காலை 3.30க்குச் சென்னையில் இறங்கும் பயணத்தை எடுத்துக்கொள்வோம். ஏறும்போதே உங்கள் புதிய படுக்கை நேரம் தாண்டிவிட்டது. வீட்டிலேயே மாலை 6 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். விமானம் கிளம்பியதும் வரும் உணவை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கண்மறைப்பு போட்டுத் தூங்குங்கள். நடுநிசியில் விளக்கு வெளிச்சத்தில் சாப்பிட்டு, அப்படியே இரண்டு படம் பார்ப்பது அடிப்புள்ளிக்கு முந்தைய ஒளி. மூன்று நாள் உழைப்பு அதில் போகும்.

நியூ ஜெர்சி நேரம் 2.30 ஆகும்போது விமானம் அட்லாண்டிக்கைத் தாண்டிக்கொண்டிருக்கும், வெளியே பகல். அதற்கு மேல் விழிப்பு வந்தால் ஜன்னல் மறைப்பைக் கொஞ்சம் உயர்த்தி வெளிச்சம் பாருங்கள். இது சரியான திசையில் இழுக்கும் ஒளி. அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இறங்குவதற்கு முன் தரும் சாப்பாடு சென்னை நேரப்படி மாலை ஆறரைக்கு வருகிறது, அதையே இரவு உணவாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது விமானத்தில் நள்ளிரவில் தரும் பிரியாணி வேண்டாம்.

சென்னையில் முதல் ஆறு நாள்

வீடு வந்து சேர விடியற்காலை 5.30 ஆகும். உங்கள் உடலுக்கு அது இரவு தொடங்கும் நேரம். ஆறரை மணிக்கெல்லாம் கண் இழுக்கும். இந்த இடத்தில் இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. ஒருவர் படுத்து மதியம் 3 வரை தூங்கிவிடுவார். இன்னொருவர் 'தூங்கவே கூடாது' என்று வீம்பாக வெயிலில் உட்கார்ந்திருப்பார். முதலாமவருக்கு அன்றிரவு தூக்கம் வராது. இரண்டாமவர் மிகத் தவறான நேரத்தில் ஒளியை வாங்கிக்கொள்கிறார். எப்படியும் அந்த நேரம் இருட்டில் இருக்க வேண்டியதுதான் என்பதால், அறையை இருட்டாக்கி 6.30 முதல் 10 வரை அலாரம் வைத்துத் தூங்குங்கள். எழுந்தபின் 12 மணி வரை உள்ளேயே இருங்கள். பார்க்க வரும் உறவினர்களை மாலையில் வரச் சொல்லுங்கள்.

12 மணிக்கு மேல் வெளியே வாருங்கள். ஜூலை உச்சி வெயிலில் நிற்கச் சொல்லவில்லை. மரத்தடியிலோ தாழ்வாரத்திலோ, வானம் தெரியும் நிழலில் இருந்தாலே சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். வீட்டு டியூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸைத் தாண்டாது. கண் பழகிவிடுவதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. 12 முதல் 4 வரை இரண்டு மணி நேரமாவது அப்படி இருக்க வேண்டும். 1 மணிக்கு ஒரு காபி குடிக்கலாம். 3 மணிக்கு மேல் வேண்டாம். குடித்ததில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும்.

இரவு 10 மணிக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம் மெலடோனின் எடுத்துப் படுங்கள். முதல் இரண்டு இரவும் 2 மணிக்கு விழிப்பு வரும், அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நேரம் உங்கள் உடலுக்குச் சாயங்காலம். மங்கிய விளக்கில் புத்தகம் படித்தால் கடிகாரத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. கெடுதல் 6 மணிக்கு மேல்தான் தொடங்குகிறது. 'முழித்துவிட்டோமே, கோயிலுக்குப் போய்வரலாம்' என்று ஆறரைக்குக் கிளம்புவதை முதல் சில நாள் தவிர்க்க வேண்டும். போயே ஆக வேண்டுமென்றால் குளிர்கண்ணாடியோடு.

அடிப்புள்ளி நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்னே வரும் என்று வைத்து, வெளிச்சத்துக்கு ஒளியும் நேரத்தையும் அதே அளவு குறைத்துக்கொண்டே வாருங்கள்: இரண்டாம் நாள் 11 மணி வரை, மூன்றாம் நாள் 10, நான்காம் நாள் 9, ஐந்தாம் நாள் 8. ஆறாம் நாள் காலை 7 மணி வெயிலில் தாராளமாக நடக்கலாம். எல்லாரும் சொன்ன அந்த அறிவுரை அன்றுதான் உங்களுக்குப் பொருந்தத் தொடங்குகிறது. சந்தேகம் வந்தால் கண்ணாடியை ஒரு மணி நேரம் கூடுதலாகப் போடுங்கள். தாமதமாகக் கழற்றினால் சற்று ஒளி குறையும், அவ்வளவுதான். சீக்கிரம் கழற்றினால் கடிகாரம் திரும்பிப் போகும்.

அது எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தினமும் தூக்கம் மிக மோசமாக அழுத்தும் நேரத்தைக் குறித்துவையுங்கள். மதியத்திலிருந்து 11, 10, 9 என்று காலையை நோக்கி நகர்ந்தால் திட்டம் வேலை செய்கிறது. மாறாக 2, 4, 6 என்று மாலையை நோக்கி நகர்ந்தால் உடல் எதிர்வழியைப் பிடித்துவிட்டது. எட்டு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கிழக்கே போகும் பயணங்களில் இது பலருக்கு நடக்கும். இரண்டு நாள் தொடர்ந்து அப்படி இருந்தால் மல்லுக்கட்டாதீர்கள். அந்த வழியிலேயே போங்கள்: அழுத்தும் நேரத்துக்கு முன்பு ஒளி, அதற்குப் பின்பு இருட்டு. இரண்டொரு நாளில் அடிப்புள்ளி சூரியன் மறைந்த பின் போய்விடுவதால் ஒளிய வேண்டிய தொல்லை குறையும். ஆனால் அது நள்ளிரவைத் தொடும் நாட்களில் விடியற்காலை ஒளியைக் காலை 8 வரை தவிர்க்க வேண்டியிருக்கும். எப்போதுமே இரவு 1 மணிக்குப் படுத்து 9 மணிக்கு எழுபவர்களுக்கு அடிப்புள்ளி சென்னையில் மாலை 4 மணி. அவர்கள் தொடக்கத்திலேயே இந்த எதிர்வழியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. முன்னேற்பாடாக மூன்று நாள் சீக்கிரம் படுப்பதற்குப் பதில் தாமதமாகப் படுக்க வேண்டும்.

சாப்பாடு

சாப்பாட்டு நேரத்தை மாற்றினால் மூளையிலுள்ள தலைமைக் கடிகாரம் நகர்வதில்லை. ஆனால் உடலின் மற்ற பாகங்களில் உள்ள கடிகாரங்கள் சாப்பாட்டைப் பின்பற்றுகின்றன. 2017இல் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையில், உணவை ஐந்து மணி நேரம் தள்ளிக் கொடுத்தபோது மெலடோனின் சுரக்கும் நேரம் மாறவில்லை. ரத்தச் சர்க்கரையின் தினசரி ஏற்ற இறக்கம் மட்டும் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனது. ஆகையால் 'சாப்பாட்டை வைத்தே ஜெட் லாக்கைச் சரிசெய்யலாம்' என்ற பேச்சை நம்ப வேண்டாம். வயிற்று மந்தத்தையும் நடுநிசிப் பசியையும் அது குறைக்கும். இறங்கிய நாளிலிருந்து மூன்று வேளையும் ஊர் நேரத்துக்கே சாப்பிடுங்கள், பசி இல்லாவிட்டாலும் கொஞ்சமாவது. இரவு 2 மணிக்குப் பசித்தால் ஒரு வாழைப்பழம், ஒரு தம்ளர் பால். 'பாவம், பிள்ளைக்குப் பசிக்கிறது' என்று பாட்டி எழுந்து தோசை வார்க்கத் தொடங்கினால் மறுநாளும் அதே நேரத்துக்குப் பசி வந்து எழுப்பும்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் இந்த நேர மாற்றத்துக்கான அளவையும் வேளையையும் புறப்படும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

திரும்பும்போது

இது மேற்கு, கடிகாரத்தைப் பின்னால் தள்ளும் பயணம். கிளம்புவதற்கு முந்தைய இரண்டு இரவு வழக்கத்தைவிட ஒரு மணி, இரண்டு மணி தாமதமாகப் படுங்கள், வீட்டு விளக்குகளை நன்றாக எரியவிடுங்கள். சென்னையிலிருந்து கிளம்பும் விமானம் விடியற்காலை 4 மணிக்கு என்றால் அதுவே கொஞ்சம் தள்ளிவிடும். நியூயார்க்கில் மாலை 3 மணி அளவில் இறங்குவீர்கள். உங்கள் உடலுக்கு அப்போது நள்ளிரவு 12.30, அடிப்புள்ளி சுமார் இரவு 8 மணி. ஆகவே இறங்கியதிலிருந்து 8 வரை படும் வெளிச்சம் எல்லாம் வேண்டிய திசைக்கே தள்ளும். வீட்டுக்குப் போனதும் சோபாவில் சாயாமல் வெளியே நடங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். தூக்கம் வரவில்லை என்று தோன்றினாலும் நெடுஞ்சாலையில் ஒரு நொடி கண் மூடிவிடும்.

9.30க்குப் படுத்தால் 2 மணிக்கு விழிப்பு வரும். முதல் இரவு மட்டும் அப்போது விளக்கு போட்டாலும் பாதகமில்லை. அடிப்புள்ளி நாளுக்கு ஒன்றரை மணி நேரம் பின்னே போவதால் இரண்டாம் நாள் அது இரவு 9.30, மூன்றாம் நாள் 11 ஆகியிருக்கும். அதற்குப் பின் விடியும்வரை படும் ஒளி தவறான பக்கம் இழுக்கும். ஆகவே இரண்டாம் இரவிலிருந்து இடையில் விழித்தால் விளக்கையும் போனையும் தொடாமல் இருட்டில் படுத்திருங்கள். நான்காம், ஐந்தாம் நாள் காலை 8 வரை வெளியே போகக் குளிர்கண்ணாடி.

மூன்றாம் நாள் வேலைக்குப் போகும்போது காலையில் நன்றாகவே இருப்பீர்கள். பிரச்சினை மாலை 3 மணிக்கு மேல்தான். உடலின் படுக்கை நேரம் அன்று சுமார் ஐந்தரை. முக்கியமான கூட்டங்களைக் காலை 9 முதல் 12க்குள் வைத்துக்கொள்ளுங்கள். மதியம் 1 மணிக்கு 20 நிமிடம் கண்ணயர முடிந்தால் நல்லது, அதற்கு மேல் தூங்க வேண்டாம். ஐந்து மணிக்குக் கிளம்பி ரயிலிலோ பேருந்திலோ வீடு திரும்புங்கள். வந்ததும் 8 வரை வெளியே இருங்கள், பிறகு 10 வரை விளக்கைக் குறைக்காதீர்கள்.